நீ, நீங்க: பேச்சுத் தமிழ் மரியாதை பற்றிய கேள்வி பதில்

(பிற மாநிலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.)

மும்பையில் வளர்ந்தவள், இப்போது ஈரோட்டில் மருமகள்: மாமியாரிடம் ‘நீங்க’ என்றுதான் ஆரம்பிக்கிறேன். ஆனாலும் நாத்தனார் சிரிக்கிறாள். நேற்று சொன்னது: “அத்தை, நீங்க சாப்டியா? உன் தட்டு கொண்டு வரட்டுமா?”

‘நீங்க’ சரி. அதற்குப் பிறகு வந்தவைதான் நழுவிவிட்டன. தலையில் ‘நீங்க’ வந்துவிட்டால் வாக்கியத்தில் அத்தையைத் தொடுகிற எல்லாச் சொல்லும் கூடவே மாற வேண்டும். “அத்தை, நீங்க சாப்டீங்களா? உங்க தட்டைக் கொண்டு வரட்டுமா?” ‘வரட்டுமா’ மாறவில்லை, பாருங்கள். வரப்போவது நீங்கள், அத்தை இல்லை.

‘வா’ என்ற ஒரு சொல்லை மட்டும் வாய்க்குப் பழக்குங்கள். முதலில் தோழிக்கு, அடுத்து அத்தைக்கு:

வா – வாங்க
வராதே – வராதீங்க
வந்தே – வந்தீங்க
வந்தியா – வந்தீங்களா
வர்றே – வர்றீங்க
வருவே – வருவீங்க
வரமாட்டே – வரமாட்டீங்க

ஏவலாக இருந்தால் சொல்லோடு ‘ங்க’ ஒட்டினால் போதும்: போங்க, சொல்லுங்க, உக்காருங்க. மற்ற இடங்களில் தோழிக்கு ‘ஏ’ என்று முடிவது அத்தைக்கு ‘ஈங்க’ ஆகும். கேள்வியில் ‘இயா’ என்பது ‘ஈங்களா’ ஆகும். பெயர்ப் பக்கம் உன் – உங்க, உனக்கு – உங்களுக்கு, உன்னை – உங்களை, உன்கிட்ட – உங்ககிட்ட. என் வகுப்பில் பெரும்பாலோர் தடுக்குவது வினையில் இல்லை, இந்த ‘உன்’னில்தான்.

அதே மருமகள்: அப்படியென்றால் “உங்களுக்குத் தெரியுமீங்களா” சரியா?

இல்லை. தெரியும், பிடிக்கும், வேணும், முடியும் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறாதவை. “உனக்குத் தெரியுமா”, “உங்களுக்குத் தெரியுமா”, அவ்வளவுதான். உங்கள் ஊரில் “தெரியுங்களா” என்பார்கள். அது வேறு ‘ங்க’. கொங்குப் பக்கம் எந்தச் சொல்லோடும் ஒட்டும்: சரிங்க, ஆமாங்க, இல்லீங்க, எந்த ஊருங்க. அதையும் பிடித்துக்கொண்டால் நாத்தனார் சிரிப்பது நிற்கும்.

திருச்சி, கல்லூரி மாணவர்: ‘ங்க’ போட்டால் எப்போதும் மரியாதைதானே?

“வாங்கடா, டீ குடிக்கலாம்” என்று நண்பர்களைக் கூப்பிடுவதில்லையா? அதில் ‘ங்க’ இருக்கிறது, மரியாதை இல்லை. பல பேர் என்பதற்காக வந்த ‘ங்க’ அது. ஒரே ஆளிடம் பேசும்போதுதான் அது மரியாதையாகிறது. “வாங்கப்பா” இன்னும் வேடிக்கை. நண்பர் கூட்டத்தைக் கூப்பிடவும் அதுதான், அப்பாவைக் கூப்பிடவும் அதுதான். எது என்று குரலை வைத்துத்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்: ஒருவரைப் பன்மையில் சொல்வதே இலக்கணப் பிழை. தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார். இதை மரியாதை என்று சொல்லித்தரலாமா?

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஒருவரைக் கூறும் பன்மைச் சொல் ‘வழக்கினாகிய உயர்சொற் கிளவி’, இலக்கண முறையில் சேராது என்பது சொல்லதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் அவர் விலக்கவில்லை. ஊர் வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல் என்று பெயர் வைத்துவிட்டுத்தான் போகிறார். அந்தக் காலத்திலேயே மக்கள் அப்படித்தான் பேசினார்கள் என்பதற்கு அதுவே சான்று. நான் சொல்லித்தருவது அந்த வழக்கைத்தான்.

டொரொன்டோ: எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். அப்பா அம்மாவிடம் “நீர் எப்ப வந்தனீர்?” என்பார். எனக்குச் சென்னைப் பையனோடு கல்யாணம். அவருடைய அம்மாவிடம் “இரும்” என்று சொல்லலாமா?

வேண்டாம். உங்கள் பேச்சில் மூன்று படி இருக்கிறது: நீ வா, நீர் வாரும், நீங்கள் வாங்கோ. நடுப்படி சமவயதுக்காரர்களுக்கும், கணவன் மனைவியிடம் பேசவும், ஆசிரியர் மாணவரிடம் பேசவும் வரும். மாமியாருக்கு யாழ்ப்பாணத்திலேயே ‘நீங்கள்’தான். சென்னைப் பேச்சில் நடுப்படி கிடையாது. அங்கே “இரும்” என்றால் நாடகத்து ராஜா பேசுவதுபோல் இருக்கும். “இருங்கோ” சொல்லுங்கள், புரியும், மரியாதையும் குறையாது. உங்கள் பேச்சை முழுக்க மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

(திருநெல்வேலிக்காரர் ஒருவர் குறுக்கிட்டார்: “எங்க பக்கம் ‘வாரும்வே’ இன்னும் இருக்கு. சென்னையை மட்டும் வச்சுப் பேசாதீக.” உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன்.)

மதுரை: என் வகுப்புத் தோழன் என் தங்கையைக் கட்டிக்கொண்டான். பதினைந்து வருஷமாக “வாடா, போடா”. இப்போது அப்படிக் கூப்பிட்டால் அப்பா முறைக்கிறார்.

நாலு பேர் முன்னால் “மாப்ள, வாங்க”. மொட்டை மாடியில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் பழையபடி. மதுரையில் ‘மாப்ள’ நண்பர்களுக்கும் பொது என்பதால் உங்களுக்குக் கஷ்டம் குறைவு, வினையை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் தங்கையிடம் அவரைப் பற்றிப் பேசும்போது “எங்கடி அவன்?” என்று கேட்டுவிடாதீர்கள். முகத்துக்கு நேரே வரும் தவறைவிட இது அதிகம் வலிக்கும்.

அதற்குக் கீழே ஒருவர்: பெண்களுக்கும் ‘அவரு வந்தாரு’ சொல்லலாமா?

எழுத்தில் “அத்தை வந்தார்” சரி. பேச்சில் “அத்தை வந்தாங்க”தான். பேச்சில் ‘வந்தாரு’ என்றால் ஆண் என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்பாவை, மாமாவை ‘வந்தாங்க’ என்று சொல்லும் வீடுகளும் நிறைய உண்டு.

பெயர் சொல்லாதவர்: கல்யாணப் பத்திரிகையில் ‘திருவாளர்’ போடுவதா ‘திரு’ போடுவதா?

இன்றைய பேச்சு அதைப் பற்றி இல்லை. இருந்தாலும்: பத்திரிகையில் இரண்டும் நடக்கிறது. வீட்டுப் பெரியவர் சொல்வதைப் போடுங்கள்.

கோவை, மென்பொருள் நிறுவனம்: புது மேலாளர் என்னைவிட ஐந்து வயது சின்னவர். அவர் என்னை ‘நீங்க’ என்கிறார். ‘நீ’ சொன்னால் திமிர், ‘நீங்க’ சொன்னால் எனக்கே கூச்சம்.

இரண்டையும் சொல்லாமல் பேசத் தமிழில் வழி இருக்கிறது. நாம் எல்லோரும் தெரியாமலே செய்வதுதான். “சாப்டீங்களா” என்பதற்குப் பதில் “சாப்பாடு ஆச்சா?” “கிளம்பிட்டீங்களா” என்பதற்குப் பதில் “கிளம்பியாச்சா?” “எந்த ஊரு?”, “மீட்டிங் எத்தனை மணிக்கு?” இவற்றில் ஆளே வருவதில்லை. ரயிலில் எதிரில் உட்கார்ந்தவரின் வயது பிடிபடாதபோதும் இப்படித்தான் ஓட்டுவோம்.

ஆனால் நாலு நாளைக்கு மேல் தாங்காது. “இதைக் கொஞ்சம் பாரு” அல்லது “பாருங்க” என்று ஏவ வேண்டிய இடம் வந்தே தீரும்; ஏவலில் ஒளிய இடமில்லை. “பார்த்துட்டா நல்லா இருக்கும்” என்று சுற்றலாம், அதுவும் எத்தனை தடவை? அவர் ‘நீங்க’ போடுகிறவரை நீங்களும் ‘நீங்க’ போடுங்கள் என்பேன். ‘நீ’க்கு இறங்குவதை மூத்தவர் தொடங்குவதா, மேலாளர் தொடங்குவதா என்பதில் என் வகுப்பிலேயே ஒவ்வொரு முறையும் சண்டை வருகிறது.

கடைசிக் கேள்வி, விருதுநகர்: அம்மாவை ‘நீ’, அப்பாவை ‘நீங்க’ என்கிறோம். அம்மாவுக்கு மரியாதை இல்லையா?

சாமியையும் ‘நீ’ என்றுதான் கும்பிடுகிறோம், அதனால் ‘நீ’ என்றாலே மரியாதைக் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் அப்பாவுக்கு மட்டும் ஏன் ‘நீங்க’ என்று உங்கள் மகள் கேட்டால் இந்தப் பதில் போதாது. இப்போது சில வீடுகளில் இருவருக்கும் ‘நீங்க’, சிலவற்றில் இருவருக்கும் ‘நீ’. என் பிள்ளைகள் இரண்டு பேரையும் ‘நீ’ என்கிறார்கள். என் மாமனாருக்கு அது பிடிக்கவில்லை.