அமெரிக்கா வட்டியைக் குறைத்தும் என் தவணை ஏன் குறையவில்லை?

கேள்வி: அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் குறைத்த சில நாள்களிலேயே என் வங்கி நிரந்தர வைப்பு வட்டியைக் குறைத்துவிட்டது. ஆனால் என் 400,000 வெள்ளி வீட்டுக் கடனின் (இன்னும் 25 ஆண்டு, மூன்று மாத சோராவுடன் 0.8%) வட்டி 3.8 விழுக்காட்டிலிருந்து 3.7-க்குத்தான் இறங்கியது. வங்கி ஏமாற்றுகிறதா? – வாசகர், யீஷூன்

பதில்: உங்கள் கடனைப் பொறுத்தவரை ஏமாற்று எதுவும் இல்லை, வைப்பின் கதை வேறு.

சிங்கப்பூர் நாணய ஆணையம் மற்ற நாடுகளைப் போல வட்டி விகிதத்தை நிர்ணயிப்பதில்லை. அது வெள்ளியின் மாற்று விகிதத்தை வழிநடத்துகிறது. உள்ளூர் வட்டியைச் சந்தையே முடிவு செய்கிறது. அதனால் அமெரிக்க வட்டியின் திசையில் நம் வட்டி நகர்ந்தாலும், அளவும் நேரமும் ஒத்துப்போக வேண்டியதில்லை. 2025-இல் செப்டம்பர் வரை அமெரிக்கா வட்டியைத் தொடவேயில்லை, ஆனாலும் உங்கள் கடன் வட்டிக்கு அடிப்படையான மூன்று மாத சோரா ஏறத்தாழ 3 விழுக்காட்டிலிருந்து 2-க்குக் கீழே இறங்கியது.

சோரா என்பது வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கொடுத்து வாங்கும் பணத்தின் சராசரி வட்டி. உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் மூன்று மாத சோராவோ கடந்த மூன்று மாதங்களின் அன்றாட விகிதங்களைக் கூட்டு வட்டியாகச் சேர்த்துக் கணக்கிட்டது. ஆக, அது பின்னோக்கிப் பார்ப்பது. ஓரிரவு வட்டி 3.0-இலிருந்து 2.7-க்கு இறங்கி ஒரு மாதம் கழித்து உங்கள் கடன் வட்டியின் மறுநிர்ணய நாள் வந்திருந்தால், அந்தச் சராசரியில் இரண்டு மாதம் பழைய விகிதம், ஒரு மாதம் புதியது. எனவே மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.1% மட்டுமே குறையும்: தவணை சுமார் 2,067 வெள்ளியிலிருந்து 2,046-க்கு. அடுத்த மறுநிர்ணயம் மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் சந்தை மாறாதிருந்தால் அப்போது தவணை ஏறத்தாழ 2,002 வெள்ளியாகும். வட்டி ஏறும்போது இதே தாமதம் உங்களுக்குச் சாதகமாக இருந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வைப்பு வட்டியை எந்தச் சூத்திரமும் கட்டுப்படுத்துவதில்லை. வங்கிக்குப் பணம் எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்து அதை வங்கி நாளைக்கே மாற்றலாம். கடன் கேட்பவர்கள் குறைந்து, சேமிப்புக் கணக்குகளில் பணம் நிறைந்திருக்கும்போது புதிய வைப்புக்கு அதிகம் தர அதற்குக் காரணமே இல்லை. ஏற்கெனவே போட்ட வைப்பு மட்டும் முதிர்வு நாள் வரை பழைய வட்டியிலேயே இருக்கும். முதிரும்போது தானாகப் புதுப்பிக்க விட்டால், அன்றைய குறைந்த வட்டியில் அது மீண்டும் பூட்டப்படும். ஆகவே அந்தத் தேதியைக் குறித்து வைத்து, ஆறு மாத அரசாங்கக் கருவூல உண்டியலின் வட்டியோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.

கடனைச் சரிபார்ப்பதும் எளிது. கடன் கடிதத்தில் மறுநிர்ணய நாளைப் பார்த்து, அந்த நாளுக்கு ஒப்பந்தம் குறிப்பிடும் மூன்று மாத சோராவை நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் எடுத்து, 0.8-ஐக் கூட்டுங்கள். வங்கி விதித்த வட்டி அதைவிட அதிகமாக இருந்தால்தான் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.