நாளைக்கே இறுதி நேர்காணல் என்றால் என்ன பதில் எழுதுவது?

கேள்வி: இன்று, செவ்வாய்க்கிழமை, மாலை 4 மணிக்கு ரெக்ரூட்டரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இறுதி நேர்காணலை அவசரமாக நடத்த வேண்டுமாம். நாளை எப்போது முடியும் என்று கேட்கிறார். இப்போதைய வேலையில் நாளை காலை முதல் நண்பகல் 12 மணி வரை எனக்குக் கூட்டம் இருக்கிறது. ‘எப்போது வேண்டுமானாலும் சரி’ என்று எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். இறுதிச் சுற்றில் பெரும்பாலும் மூத்த அதிகாரிகள் சிலர் சேர்ந்து அமர்வார்கள். அவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஓய்வாக இருக்கும் நேரத்தைத்தான் ரெக்ரூட்டர் இப்போது தேடிக்கொண்டிருப்பார். நீங்கள் எழுத நினைக்கும் பதிலை நம்பி அவர் காலை 10 மணிக்கு ஏற்பாடு செய்துவிட்டால், நீங்களே அதை மாற்றக் கேட்க நேரிடும். ஆகவே, இயன்றால் ஒரு மணி நேரத்துக்குள், இப்படி எழுதுங்கள்:

“அழைப்புக்கு நன்றி. நாளை, புதன்கிழமை, பிற்பகல் 1 முதல் 3 மணி வரையிலும் மாலை 5.30 முதல் 7.30 மணி வரையிலும் என்னால் கலந்துகொள்ள முடியும். இவை பொருந்தாவிட்டால் வியாழக்கிழமை காலை 9 முதல் 11 மணி வரை வர இயலும். இந்த நேரங்களை இன்று இரவு 8 மணி வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன். நேர்காணல் எவ்வளவு நேரம் நடக்கும், யார் யார் பங்கேற்பார்கள், நேரிலா காணொளியிலா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கூட்டம் 12 மணிக்கு முடிந்தாலும் 1 மணியிலிருந்தே நேரம் தந்திருப்பதற்குக் காரணம், கூட்டங்கள் நீளக்கூடும் என்பதுதான். ஒரு மணி நேர நேர்காணலுக்கு இரண்டு மணி நேர இடைவெளியைக் காட்டினால், குழுவினர் தங்கள் வசதிக்கேற்பச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ள முடியும். அரை மணி நேரத் துண்டுகளாகப் பல நேரங்களைக் கொடுப்பதைவிட இதுவே பயன்படும். காலையில் ஏன் இயலாது என்று விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வேறு நாட்டில் இருந்தால், ஒவ்வொரு நேரமும் எந்த நாட்டு நேரப்படி என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

நாளை முழுவதுமே இயலாது என்ற நிலை வந்தால், அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, உங்களால் இயன்ற மிக விரைவான நேரத்தைக் குறிப்பிட்டு, அவசரத்துக்கான காரணத்தைத் தயங்காமல் கேளுங்கள். குழுவில் ஒருவர் பயணம் செல்கிறார் என்றால், அவரோடு மட்டும் நாளை சுருக்கமாகப் பேசிவிட்டு மற்றவர்களைப் பின்னர் சந்திக்கலாமா என்று கேட்கலாம். வேறொருவரை நாளையே வேலைக்குத் தேர்வு செய்யப்போகிறார்கள் என்றால், உங்கள் அலுவலகக் கூட்டத்தை மாற்றிவைக்க முயல்வது தகும் என்பது என் கருத்து.

நாட்காட்டி அழைப்பு வந்து, அதிலுள்ள தேதியையும் நேரத்தையும் நீங்கள் சரிபார்த்து ஏற்கும்வரை எதுவும் உறுதியாகவில்லை. இரவு 8 மணிக்குள் அது வராவிட்டால், ஒரே ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, அந்த நேரங்களை நாளை காலை வரை ஒதுக்கி வைத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். பதிலையும் அழைப்பையும் உங்கள் சொந்த மின்னஞ்சலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக நாட்காட்டியில் சேர்த்தால் உடன் பணிபுரிவோர் கண்ணில் பட வாய்ப்புண்டு.