சோதனைத் தட்டில் கிருமியைக் கொல்லும் ஆரிகனோ எண்ணெய் சிறுநீரில் ஏன் கொல்வதில்லை?

கேள்வி: எனக்கு வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை சிறுநீர்க் கடுப்பு வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக்தான். ஆரிகனோ எண்ணெயும் தைம் எண்ணெயும் இந்தத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை கிருமியையே கொல்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. தினமும் 3 சொட்டு தண்ணீரில் விட்டுக் குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். நீங்கள் படித்த ஆய்வு முடிவுகள் உண்மைதான். ஆனால் சோதனைத் தட்டில் கிருமியைக் கொன்ற பொருள் அதே வடிவத்தில், அதே அளவில் உங்கள் சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேர்வதில்லை.

முதலில் இந்த எண்ணெய்கள் எப்படிக் கொல்கின்றன என்று பார்ப்போம். ஆரிகனோ எண்ணெயில் வேலை செய்வது பெரும்பாலும் கார்வக்ரோல். தைம் எண்ணெயில் தைமால். இரண்டும் ஒரே அணுக்களால் ஆனவை. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்ன முனை ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. மூலக்கூறின் மற்ற பகுதி கொழுப்பில் கரையும் என்பதால் பாக்டீரியாவின் மேலுறைக்குள் புகுந்துவிடும். உள்ளே போனதும் அந்த முனைதான் உறையைக் கசிய வைக்கிறது. பொட்டாசியம் வெளியே ஒழுகி, சக்தி தயாரிக்கும் ஏற்பாடு குலைந்து, பாக்டீரியா சாகிறது. கிட்டத்தட்ட இதே உருவம் கொண்ட பாரா-சைமீன் என்ற பொருளும் இந்த எண்ணெய்களில் உண்டு. அதற்கு அந்த முனை கிடையாது, தனியாக அதன் கொல்லும் திறனும் மிகக் குறைவு. இந்த முனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

ஆய்வகத்தில் கிருமியின் வளர்ச்சியை நிறுத்த எவ்வளவு எண்ணெய் வேண்டும்? பலவகை எண்ணெய்களை ஒப்பிட்ட 1999ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஈ.கோலையைத் தடுக்க 0.03 சதவீதத் தைம் எண்ணெய் போதுமானதாக இருந்தது. அந்த ஆய்வில் கிடைத்ததிலேயே மிகக் குறைந்த அளவு அதுதான். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் திரவத்தில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் எண்ணெய் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் இது சுலபம். எண்ணெயை ஒரு கரைப்பானோடு கலந்து நேராகக் கிருமியின் மேல் விட்டு, மணிக்கணக்கில் மூடி வைத்துவிடுவார்கள். குறுக்கே வர அங்கே குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை.

விழுங்கினால் என்ன ஆகிறது என்பதும் மனிதர்களிடமே அளக்கப்பட்டிருக்கிறது. 12 ஆரோக்கியமானவர்களுக்கு 1.08 மில்லிகிராம் தைமால் உள்ள தைம் மாத்திரையைக் கொடுத்து இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். தைமால் தைமாலாகவே இரத்தத்தில் அகப்படவில்லை. கிடைத்தது தைமால் சல்ஃபேட் மட்டும், அதுவும் உச்சத்தில் லிட்டருக்குச் சுமார் 0.09 மில்லிகிராம். சிறுநீரில் சல்ஃபேட்டாகவும் குளுக்குரோனைடாகவும் வெளியேறியது. உடல் அந்நியப் பொருளை வெளியேற்றக் கையாளும் வழக்கமான முறை இது. குடல் சுவரும் கல்லீரலும் சல்ஃபேட், குளுக்குரோனைடு என்று தண்ணீர் விரும்பும் ஒரு மூடியைப் பொருளின் மேல் மாட்டி அனுப்பிவிடும். தைமாலில் அந்த மூடி மாட்டப்படுவது, கிருமியைக் கொன்ற அதே முனையின் மேல்தான்.

உங்கள் 3 சொட்டையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 சொட்டு என்பது ஏறக்குறைய 0.1 மில்லிலிட்டர், அதாவது 90 மில்லிகிராம் எண்ணெய். நல்ல ஆரிகனோ எண்ணெயில் 70 சதவீதம் கார்வக்ரோல் என்று வைத்தால் 65 மில்லிகிராம் வரும். அந்தத் தைமால் ஆய்வில், விழுங்கிய அளவில் சுமார் 16 சதவீதம் 24 மணி நேரச் சிறுநீரில் வந்தது. கார்வக்ரோலும் அப்படியே நடந்துகொள்கிறது என்று எடுத்துக்கொண்டால் ஒரு நாளில் சிறுநீருக்கு வருவது சுமார் 10 மில்லிகிராம். ஒன்றரை லிட்டர் சிறுநீரில் அதைக் கலந்தால் லிட்டருக்கு 7 மில்லிகிராம். தேவையான 280க்கு இது நாற்பதில் ஒரு பங்குதான். அதுவும் மூடி மாட்டிய நிலையில்.

ஈ.கோலைக்குக் குளுக்குரோனைடு மூடியைக் கழற்றும் நொதி உண்டே, அது தானே கழற்றிக்கொண்டு சாகாதா என்று விஷயம் தெரிந்த சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் எல்லா மூடியும் கழன்றாலும் அந்த 7 மில்லிகிராம் 280 ஆகிவிடாது. சொட்டைக் கூட்டலாமே என்றால் 120 சொட்டு, அதாவது ஒரே நாளில் 4 மில்லிலிட்டர் கலப்படமற்ற எண்ணெய் குடிக்க வேண்டியிருக்கும். தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம். கார்வக்ரோல் தோலையே பொசுக்கும் பொருள்.

3 சொட்டிலும் இந்த ஆபத்து இருக்கிறது. தம்ளர் தண்ணீரில் சொட்டை விட்டுப் பாருங்கள். கரையாது, சின்னச் சின்ன வட்டங்களாக மேலே மிதக்கும். முதல் மடக்கிலேயே அந்த வட்டங்கள் நீர்த்துப்போகாமல் அப்படியே உதட்டிலும் நாக்கிலும் உணவுக்குழாயிலும் ஒட்டிக்கொள்ளும். எரிச்சல், கொப்புளம், நெஞ்செரிவு எல்லாம் இதனால்தான். வாய் எரிந்தால் முதலில் பாலையோ சமையல் எண்ணெயையோ வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். வெறும் தண்ணீர் எண்ணெயைப் பரப்பத்தான் செய்யும். தவறிப்போய் அதிகம் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க முயலக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அங்கே புண்ணாகிவிடும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இதை வாய்வழியே தொடவே கூடாது.

இதே பொருள் நேராகக் கிருமியைத் தொட முடிந்த இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. தைமால் கலந்த வாய்க் கொப்பளிப்பு மருந்து ஒன்றில் அதன் அளவு 0.064 சதவீதம், கூடவே மெந்தால் போன்ற மூன்று பொருட்கள். 30 விநாடி வாயில் வைத்துத் துப்பிவிடுகிறோம், கல்லீரலுக்கு அங்கே வேலையில்லை. பரப்புகளைத் துடைக்கும் தைமால் கரைசல்களும் அப்படியே. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, லேபிளில் சொன்ன நேரம் முழுக்க ஈரமாக விட்டுவைக்க வேண்டும். கொழுப்பும் புரதமும் மிச்சமிருந்தால் தைமால் அவற்றிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும்.

சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் போன்ற மாத்திரை வேலை செய்யும் காரணமும் இதே கணக்குதான். அது இரத்தத்தில் அதிகம் தங்காமல், கணிசமான பகுதி மாறாத வடிவிலேயே சிறுநீரில் வந்து சேர்கிறது. கிருமியைத் தடுக்கத் தேவையான அளவுக்கும் மேலேயே சேர்கிறது.

எண்ணெய் குடித்தவர்களில் சிலருக்குக் கடுப்பு குறைவதும் உண்மைதான். லேசான சிறுநீர்ப்பைத் தொற்று சிலருக்குத் தானாகவே அடங்கும். அந்த நாட்களில் தண்ணீரும் கூடுதலாகக் குடித்திருப்பார்கள். அடுத்த தடவை கடுப்பு வந்தால் மாத்திரை தொடங்கும் முன் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கல்ச்சர் சோதனைக்குக் கொடுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்தால், தேவையில்லாத ஆன்டிபயாடிக் தானாகவே குறையும். அடிக்கடி வருவதற்கான காரணத்தைத் தேடவும் மருத்துவருக்கு அந்த முடிவுகள் வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்புறத்தில் வலி, வாந்தி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.