தம்புள்ளையில் தொடங்குங்கள்

அன்புள்ள அண்ணா,

‘பொன்னியின் செல்வன்’ அம்மா எனக்கு வாசித்துக் காட்டிய கதை. அவவுக்கு இப்போது 68 வயது. ஒரு கிழமை லீவில் கதை நடந்த இடங்களுக்குக் கூட்டிப்போக ஆசை. தஞ்சாவூர் வரை போக வசதியில்லை. இங்கேயே அவசரமில்லாமல் பார்க்க முடியுமா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டாம் பாகம் ‘சுழற்காற்று’ மட்டும் போதும். அதில் இலங்கையில் நடப்பதையே தொடருங்கள்.

கொழும்பிலிருந்து நேரே தம்புள்ளைக்கு பஸ் பிடியுங்கள். கல்கி அதைத் தம்பள்ளை என்று எழுதுகிறார். அருள்மொழிவர்மர் யானைப்பாகனாக வந்து வந்தியத்தேவனை ஏமாற்றும் பகுதியை முதல்நாள் இரவே அம்மாவுக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இம்முறை உங்கள் முறை. குகைக் கோயிலுக்குப் படி ஏறவேண்டும், அதனால் வெயில் தாழ்ந்த பிறகு, இடையிடையே இருந்து இருந்து ஏறுங்கள்.

உள்ளே ஒன்றைக் கவனியுங்கள். கூரை முழுக்க நிறைந்திருக்கும் ஓவியங்களில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டில், கண்டி மன்னர் காலத்தில் வரைந்தவை. கதை நடப்பது 10ஆம் நூற்றாண்டில். வந்தியத்தேவன் காலத்திலும் குகைக் கோயில் இருந்தது, ஆனால் இந்த ஓவியங்களில் பெரும்பாலானவை அப்போது இல்லை. அதனால் ஓவியங்களைப் பார்த்து முடித்ததும் வெளியே வந்து, பாறை விளிம்பிலிருந்து கீழே காட்டைப் பாருங்கள். எனக்குக் கதை கிடைத்தது அங்கேதான்.

அடுத்தது அநுராதபுரம். அங்கே மூன்று இரவாவது தங்குங்கள். பிக்குகள் கொடுக்க வந்த சிங்காதனத்தை இளவரசர் மறுப்பதும், ஊமை ராணி சைகை காட்டி அவரையும் கூட வந்தவர்களையும் அழைத்ததும் பழைய வீடு ஒன்று இடிந்து விழுவதும் இரவில்தான். ஆகவே பகலில் இடங்களைப் பார்த்துவிட்டு, இரவில் ருவன்வெலிசாய பக்கம் போய் உட்காருங்கள். அதன் வெண்மையான வடிவம் 20ஆம் நூற்றாண்டுத் திருத்தவேலை. மகாசேனன் கட்டிய ஜேதவனாராமய இன்றும் செங்கலாகவே நிற்கிறது. போரில் இடிந்த விகாரைகளை இளவரசர் திருத்தச் சொன்ன அத்தியாயத்தை அதன் முன்னால் நின்று நினைத்தால் மனம் நெகிழும்.

வெறுங்காலோடு நடக்கவேண்டும், பத்து மணிக்கு மேல் கல் சுடும். அம்மாவுக்குத் தடித்த காலுறை கொண்டுபோங்கள். தோளும் முழங்காலும் மூடிய வெளிர்நிற உடுப்பு வேண்டும். பொசன் போயாவை ஒட்டிப் போகாதீர்கள், சனக்கூட்டத்தில் இருக்கவே இடம் கிடைக்காது.

பொலன்னறுவையைக் கடைசிக்கு வையுங்கள். சோழரைத் தேடி முதலில் அங்கே ஓடுகிறவர்கள் ஏமாறுவார்கள், ஏனெனில் அங்குள்ள சோழர் கோயில்கள் கதைக்குப் பிந்தியவை. ஆனால் ‘சிவ தேவாலயம் இலக்கம் 2’ என்று சொல்லும் சின்னக் கற்கோயிலைத் தவறவிடாதீர்கள். அதன் பழைய பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். சுந்தர சோழரின் ராணியும் அருள்மொழியின் தாயுமானவரின் பெயரும் வானவன்மாதேவிதான். அந்தப் பெயரை வாசலில் வைத்து அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணா