நஞ்சுக்கொடி விழவில்லை, கையை விட்டு எடுக்கலாமா?

கேள்வி: கலப்பின ஜெர்சி மாடு, மூன்றாவது ஈற்று. நேற்று மாலை 5 மணிக்குக் கிடேரிக் கன்று போட்டது. இன்று காலை 10 மணி ஆகியும் நஞ்சுக்கொடி விழவில்லை, பாதி வெளியே தொங்குகிறது. தீவனம் எடுக்கிறது, பாலும் கறக்கிறது. பக்கத்து ஊரில் ஒருவர் கையை விட்டு எடுத்துவிடுவார் என்கிறார்கள். எடுக்கலாமா? அடுத்த சினை பிடிப்பதில் சிக்கல் வருமா? விற்றுவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

பதில்: அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கால்நடை மருத்துவருக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். கொடியை எடுப்பதற்காக மருத்துவரைக் கூப்பிடவில்லை. உள்ளே இன்னொரு கன்று தங்கியிருக்கிறதா, சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கிறதா, காய்ச்சல் தொடங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான மாடுகள் கன்று போட்ட 8 மணி நேரத்துக்குள் கொடியைத் தள்ளிவிடும். 12 மணி நேரம் வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் தங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விழுந்த கொடியை விரித்துப் பார்த்திருப்பீர்கள். அதில் சிவப்பாக, பொத்தான் பொத்தானாக நூறு வரை இருக்கும். ஒவ்வொன்றும் கருப்பைச் சுவரில் உள்ள ஒரு மேட்டைப் பற்றிக்கொண்டிருந்த இடம். அந்தப் பிடிப்பை அறுப்பது மாட்டின் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களும் சில நொதிகளும். ஈனுவதற்கு முன்பே அந்த வேலை தொடங்கிவிட வேண்டும். இரட்டைக் கன்று, கஷ்டப் பிரசவம், நாள் நிறையாமல் ஈனுதல், சுண்ணாம்புச் சத்துக் குறைவு, வைட்டமின் ஈ, செலினியம் குறைவு என்று ஏதாவது ஒன்று குறுக்கிட்டால் பிடிப்பு இளகாது. பழுத்த மாம்பழம் காம்பிலிருந்து தானாகக் கழன்றுவிடும். காயைப் பிடுங்கினால் பால் வடியும். இங்கே வடிவது இரத்தம். கையால் உரிக்கும்போது கருப்பை மேடுகள் பிய்ந்து காயமாகும், கிருமி அந்தக் காயம் வழியாக ஆழமாக இறங்கும். முழுதாக எடுத்துவிட்டோம் என்று நினைத்தாலும் துண்டுகள் உள்ளே நின்றுவிடுகின்றன.

நான் பணிக்கு வந்த புதிதில் மூன்றாம் நாள் கையை விட்டு எடுப்பதுதான் வழக்கம். நானும் எடுத்திருக்கிறேன். அந்த மாடுகளில் பல, மறுநாளே காய்ச்சலில் படுத்ததைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன். தொங்கும் கொடியில் செங்கல்லோ பழைய செருப்போ கட்டுவதும் கூடாது. எடை இழுத்துக் கருப்பையே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். கொடி தரையில் புரண்டால், பின்னங்காலின் குதிமூட்டுக்கு மேலாக வெட்டிவிடுங்கள். பிறப்புறுப்போடு ஒட்ட வெட்டாதீர்கள். முள்ளங்கி, வெண்டைக்காயுடன் வெல்லம், உப்பு சேர்த்துக் கொடுப்பதை மரபு மருத்துவத்தில் சொல்வார்கள். மாடு தின்றால் கொடுங்கள், ஆனால் அதை நம்பிக் காய்ச்சல் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

ஒன்றும் செய்யாவிட்டாலும் கொடி உள்ளேயே அழுகி, 5 முதல் 10 நாளில் விழுந்துவிடும். நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். நாற்றத்தை விடத் தெர்மாமீட்டர்தான் உண்மை சொல்லும். 10 நாளைக்கு, விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் பாருங்கள். தகரக் கொட்டகையில் மதிய வெயிலில் பார்த்தால் சூடு கூடுதலாகக் காட்டும். தெர்மாமீட்டரை ஆசனவாய்க்குள் விட்டு, சுவரைத் தொடும்படி சாய்த்து இரண்டு நிமிடம் பிடியுங்கள். சாணிக்குள் சொருகிவிட்டால் குறைவாகத்தான் காட்டும். 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கவலையில்லை. 103 தாண்டினாலோ, தீவனத்தை ஒதுக்கினாலோ, பால் சட்டென்று இறங்கினாலோ, செங்கல் கரைத்த தண்ணீர் போல நாற்றத்துடன் ஒழுகினாலோ அன்றைக்கே மருத்துவர் வரவேண்டும். மாடு எழ முடியாமல் படுத்து, காது சில்லிட்டிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

காய்ச்சல் இல்லாத மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசியோ கருப்பைக்குள் மாத்திரையோ வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சில மாத்திரைகள் கொடியை இளக்கும் நொதிகளையே மட்டுப்படுத்தும். ஊசி போட நேர்ந்தால், மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.

அடுத்த சினைக்கு வருவோம். ஈரோடு பக்கம் நான் பார்த்த ஒரு மாட்டின் கணக்கைச் சொல்கிறேன். இரட்டைக் கன்று, கொடி தங்கிவிட்டது. நான்காம் நாள் மாலை 103.8 காய்ச்சல், தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து நாள் ஊசி போட்டோம். எட்டாம் நாள் இரவு கொடி விழுந்தது. 35-ஆம் நாள் பரிசோதித்தபோது வழும்பில் வெள்ளைச் சீழ் இருந்தது, பருவத்துக்கு வரவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டேன். 39-ஆம் நாள் பருவத்துக்கு வந்து அழுக்கைத் தள்ளியது. சினை ஊசி போடவில்லை. 60-ஆம் நாள் மறுபடி வந்தது. வழும்பைக் கண்ணாடித் துண்டில் எடுத்து வெயிலில் பார்த்தோம், இரண்டு மூன்று வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. வீட்டுக்காரம்மா, “இந்த முறையாவது போட்டுடுங்க சார்” என்று கெஞ்சினார். மனசு கேட்காமல்தான் மறுத்தேன். 81-ஆம் நாள் வழும்பு முட்டையின் வெள்ளைக்கரு மாதிரித் தெளிவாக இருந்தது, சினை ஊசி போட்டோம், நிற்கவில்லை. 102-ஆம் நாள் போட்டது நின்றது. சினைக்காலம் 280 நாள் சேர்த்தால் இரண்டு ஈற்றுக்கும் இடையே 382 நாள், அதாவது 13 மாதத்துக்குள். இது விற்கிற மாடா?

எல்லா மாட்டுக்கும் இப்படி அமையாது. சிலவற்றில் கருப்பைப் புண் நாட்பட்டு நின்று, நான்கைந்து சினை ஊசி வீணாகும். சீழோடு இருக்கும்போது போட்ட ஊசிகள்தான் அதில் பெரும்பாலும். உங்கள் மாட்டுக்கு 30 முதல் 40 நாளுக்குள் கருப்பைப் பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். 60 நாளைக்கு முன் சினை ஊசி வேண்டாம், அப்புறமும் வழும்பு தெளிந்தால் மட்டும் போடுங்கள்.

விழுந்த கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் பழக்கம். கன்றுவீச்சு நோய் இருக்கும் மாட்டின் கொடியில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும், நாயும் காக்கையும் இழுத்துப் பரப்பும், வெறும் கையால் தொட்டால் மனிதருக்கும் வரும். உங்கள் மாடு நாள் நிறைந்து ஈன்றிருந்தால் சந்தேகம் குறைவு. இருந்தாலும் கையுறை போட்டு எடுத்து, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். உங்கள் கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் இந்த நோய்க்கான தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள்.