பக்கத்து வீட்டு மாவு மில்லும் சன்ஷேடும்: வழக்கு எப்படி நிற்கும்?

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் மாவு மில் போட்டார். சத்தமும் தூசியும் தாங்கவில்லை, அப்பாவுக்கு ஆஸ்துமா. அவர் வீட்டு சன்ஷேடும் எங்கள் இடத்துக்குள் ஒரு அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் நிரூபிக்க வேண்டியது இரண்டுக்கும் வேறு வேறு.

சன்ஷேடு அத்துமீறல். உங்கள் மனைக்கு மேலே உள்ள வெளியும் உங்களுடையது என்பதால், நஷ்டம் எதுவும் காட்ட வேண்டியதில்லை. எல்லையைக் காட்டினால் போதும். சர்வேயரை வைத்து அளந்து, பத்திரத்தோடும் புலப்படத்தோடும் தாக்கல் செய்யுங்கள். நீங்களே ஆள் வைத்து இடிக்க வேண்டாம், வழக்கு உங்கள் மேல் திரும்பும். தள்ளிப்போடவும் வேண்டாம். கட்டும்போது பேசாமல் இருந்துவிட்டு வெகுகாலம் கழித்துப் போனால், இடிக்கச் சொல்லாமல் பணத்தோடு நீதிமன்றம் முடித்துவிடக்கூடும்.

மில் விஷயம் சட்டத்தில் ‘தொல்லை’ என்ற வகை. அவர் தன் இடத்தில்தான் தொழில் செய்கிறார், அதற்கு அவருக்கும் உரிமை உண்டு. அதனால் நீதிமன்றம் தராசை எடுக்கும்: எந்த மாதிரித் தெரு, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, தடுக்க என்ன செய்தார், சாதாரண மனிதனால் தாங்க முடியுமா?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் தோற்கிறார்கள். அப்பாவின் ஆஸ்துமாவை வழக்கின் அடித்தளமாக வைக்காதீர்கள். கீழ்த்தளத்துச் சூடு மேல்தளத்தில் இருந்த பழுப்புக் காகிதத்தைக் கெடுத்தது என்று 1889-ல் இங்கிலாந்தில் ஒருவர் வழக்குப் போட்டார். சாதாரணக் காகிதத்தைக் கெடுக்காத சூடு அது என்பதால் தள்ளுபடியானது. ஆரோக்கியமான ஆளுக்கே தூக்கம் கெடுகிறது, ஜன்னல் திறக்க முடியவில்லை என்று காட்டுங்கள்.

எப்படிக் காட்டுவது என்பதற்கு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று நல்ல உதாரணம். ஒரு டாக்டரின் ஆலோசனை அறைக்கு அருகே செங்கல் பொடிக்கும் இயந்திரம் வந்தது. தூசி அறைக்குள் புகுந்து, வந்தவர்கள் துணிமேல் சிவப்பாகப் படிந்தது கண்ணுக்கே தெரிந்தது. இயந்திரத்தை ஓட்ட நிரந்தரத் தடை கிடைத்தது.

உங்களுக்கும் அப்படிக் கண்ணுக்குத் தெரியும் சாட்சி வேண்டும். ஒரு மாதம் மில் ஓடும் நேரத்தைத் தேதிவாரியாக எழுதுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 26, விதி 9-ன்படி, நேரில் பார்த்து அறிக்கை தர வக்கீல் கமிஷனரை நியமிக்கக் கேளுங்கள். மில் ஓடும் நேரத்தில் அவர் வந்து பார்ப்பது முக்கியம், மூடியிருக்கும்போது வந்தால் அறிக்கையில் ஒன்றும் இருக்காது. குடியிருப்புப் பகுதியில் சத்தத்தின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45.

“லைசென்ஸ் இருக்கிறது” என்பார் மில்காரர். அது மட்டும் தொல்லைக்குப் பதிலாகாது. ஆனாலும் மில்லை மூடச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நேரக் கட்டுப்பாடு, தூசி வெளியேறாத தடுப்பு, மோட்டாருக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் என்று மாற்றுக் கோரிக்கையையும் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.