அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்

கேள்வி: “என் கணவர் எப்போதும் லைவ் லொகேஷன் போடச் சொல்கிறார். அரை மணிக்கு ஒரு முறை எங்கே இருக்கிறாய் என்று மெசேஜ் வேறு. இது அக்கறையா, கண்காணிப்பா?”

இதற்குப் பதில் எழுதுபவர்கள் பெரும்பாலும் உங்கள் நிலையில் இருப்பவர்களாக இருப்பார்கள். நான் எதிர்ப்பக்கத்து ஆள். லொகேஷன் போடு என்று மனைவியை நச்சரித்தவன். திட்ட நினைப்பவர்கள் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஆரம்பம் நியாயமாகத்தான் இருந்தது. அவளுக்கு இரவு ஷிப்ட். ஒரு நாள் போனில் சார்ஜ் தீர்ந்து, வண்டியும் பழுதாகி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாள். எனக்கு உயிர் போய் வந்தது. மறுநாளிலிருந்து கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பச் சொன்னேன். அதில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவுகள் உண்டு. வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம்தான், அதனால் 1 மணி நேரம் போதும். அப்புறம் தானாக நின்றுவிடும். அதுவரை எங்களுக்குள் சண்டையே இல்லை.

அனுப்ப மறக்கிறாள் என்று ஒரு நாள் நானே அவள் போனை வாங்கி, கூகுள் மேப்ஸில் Until you turn this off என்பதைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். “எதுக்குங்க?” என்றாள். “உனக்குத்தான் சௌகரியம்” என்றேன். பயணத்துக்காக வந்த புள்ளி அன்றிலிருந்து நாள் முழுக்க என் கையில். அவள் பேட்டரி எத்தனை சதவீதம் என்பதுகூடத் தெரிந்தது. என் லொகேஷனை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மதியம் அலுவலகத்தில் இருக்க வேண்டிய புள்ளி, இரண்டு தெரு தள்ளி ஒரு குடியிருப்பின் மேல் நின்றது. மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. மாலை பெரிய சண்டை. அவள் மீட்டிங்கில் இருந்திருக்கிறாள், நாற்காலியை விட்டே எழவில்லை. கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. வைஃபையையும் செல்போன் கோபுரங்களையும் வைத்துப் போன் இடத்தைக் கணிக்கும்போது சில நூறு மீட்டர் தவறுவது சாதாரணம். பேட்டரி சேமிப்பு ஓடினால் பழைய இடமே நிற்கும். பெயருக்குக் கீழே எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்று போட்டிருக்கும், நான் அதைப் படித்ததில்லை.

இந்தச் சண்டையைவிட, நான் கேட்ட கேள்விகள் மாறியதுதான் முக்கியம் என்று இப்போது தெரிகிறது. முன்பு “வந்துட்டியா?” என்று கேட்பேன், “வந்துட்டேன்” என்றால் முடிந்தது. பிறகு “அங்கே ஏன் பத்து நிமிஷம் நின்ன?” என்று கேட்டேன். அதற்கு அவள் என்ன சொன்னாலும் எனக்கு இன்னொரு கேள்வி வந்தது. அவளும் மதியம் வெளியே போகும்போது போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்திருக்கிறாள். அது தெரியாமல் நான் மணிக்கணக்கில் மேசையைக் காவல் காத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு தங்கை வீட்டுக்குப் போனவள் ஷேரிங்கை நிறுத்திவிட்டாள். நான் உடனே தங்கைக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் நிதானமாக, “மாமா, அக்கா பக்கத்துலதான் இருக்கா. பேசணுமா, இல்ல சும்மா சரிபார்க்கிறீங்களா?” என்றாள். பேச ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

சரி, உங்கள் விஷயம். உங்கள் கணவரை எனக்குத் தெரியாது, எல்லா ஆண்களும் என்னைப் போல என்றும் சொல்லவில்லை. “இனி பயண நேரத்துக்கு மட்டும் 1 மணி நேரம் போடுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டால் அவருக்கு இருப்பது பயம்தான். கோபம், பேசாமல் இருப்பது, தோழிகளுக்குப் போன், “அப்போ போட்டோ அனுப்பு” என்று போனால், பாதுகாப்புக்காகக் கேட்கவில்லை. “தப்பு செய்யலைன்னா என்ன பயம்” என்ற வாதத்தை மட்டும் ஏற்காதீர்கள், நானே நூறு முறை சொன்ன வாதம் அது. (அதே வாதத்தை என் அலுவலகம் என்னிடம் சொல்கிறது. வருகைப் பதிவு ஆப் என்று ஒன்றைப் போனில் ஏற்றச் சொல்லி, விடுமுறை நாளிலும் லொகேஷன் கேட்கிறார்கள். எனக்கு அது எரிகிறது என்று சொன்னபோது மனைவி ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.)

ஆனால் நிறுத்தினால் அடிப்பார், மிரட்டுவார் என்ற பயம் உங்களுக்கு இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். நிறுத்தியது அவருக்குத் தெரிந்துவிடும். முதலில் நம்பிக்கையான ஒருவரிடம், முடிந்தால் அவர் தொடாத வேறு போனிலிருந்து சொல்லிவையுங்கள். வாட்ஸ்அப்பில் Linked devices என்ற இடத்தையும் ஒருமுறை பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி அதில் இருந்தால் உங்கள் உரையாடல்களும் போய்க்கொண்டிருக்கின்றன.